சொந்தத் தேவைக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம்

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தம் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றுடன் சென்ற ஜனவரியில் என் அலுவலகத்துக்கு வந்தார். மாடியில் அவரும் கீழ்த்தளத்தில் எட்டு ஆண்டுகளாக ஒரு குடும்பமும் வசிக்கும் வீடு அது. அவருடைய தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்திருந்ததால், மாடிப்படி ஏற முடியாத அவரைக் கீழ்த்தளத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தேவை உண்மையானது, ஆனால் அவர் எழுதி வந்த கடிதம் அந்தத் தேவையையே சந்தேகத்துக்கு உள்ளாக்குவதாக இருந்தது.

அதில் தாயாரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. மற்ற வரிகளில் வாடகை மூன்று ஆண்டுகளாக உயரவில்லை என்பதும், இரு சக்கர வண்டியை வாசலில் நிறுத்துகிறார்கள் என்பதும், 15 நாளில் வெளியேறாவிட்டால் தண்ணீர் இணைப்பைத் துண்டிக்க நேரிடும் என்பதும் இருந்தன. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் படித்துக் காட்டுவது வாடகை பற்றிய வரியாகத்தான் இருக்கும். வாடகை கூடுதலாகக் கிடைத்திருந்தால் தாயாரின் தேவை எழுந்திருக்காது அல்லவா என்று அவர் கேட்பார். தண்ணீரை நிறுத்துவதோ, தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின்படி தடை செய்யப்பட்ட செயல். அதை எழுத்திலேயே மிரட்டலாகத் தருவது உரிமையாளர் தமக்கு எதிராகத் தாமே ஆவணம் எழுதிக்கொடுப்பதாகும்.

அச்சட்டம், உரிமையாளருக்கோ அவர் குடும்பத்தினருக்கோ குடியிருக்க வீடு தேவைப்படுவதை, வாடகை நீதிமன்றத்தில் வீட்டை மீட்கக் கோருவதற்கான காரணங்களில் ஒன்றாக ஏற்கிறது. ஆகவே கடிதத்தில் சொல்ல வேண்டியவை, யாருக்குத் தேவை, ஏன் இந்தப் பகுதியே தேவை, எந்த நாளுக்குள் வேண்டும், முன்பணம் எப்படித் திரும்பும் என்ற நான்கு செய்திகள்தான். வண்டி நிறுத்துவது பற்றிய குறை உண்மையாகவே இருந்தாலும் அது வேறு கடிதத்துக்கு உரியது.

கால அளவு குறித்து அவரோடு நீண்ட நேரம் பேசினேன். மாதவாடகைக் குடியிருப்பை முடிக்க, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதபோது, சொத்து மாற்றுச் சட்டத்தின் 106 ஆம் பிரிவு கேட்பது 15 நாள் அறிவிப்பு மட்டுமே. அந்தக் காலம் கடிதம் குடியிருப்பவர் கையில் சேர்ந்த நாளிலிருந்து கணக்காகும். ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் என்றிருந்தால் அதுவே பொருந்தும். ஆனால் கீழ்வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் இருந்தாள். பொதுத்தேர்வுக்கு முன் வீடு மாற்றச் சொல்வது நியாயமாகாது என்று நான் சொன்னபோது அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார்; அதுவரை தாயாரைத் தம்பி வீட்டில் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்.

இறுதியில் அனுப்பிய கடிதத்தின் சாரம் இது:

"வணக்கம். எட்டு ஆண்டுகளாக நீங்கள் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் வசித்து வருகிறீர்கள். என் தாயார் அறுவை சிகிச்சைக்குப் பின் மாடிப்படி ஏற இயலாத நிலையில் இருப்பதால், அவர் குடியிருக்கக் கீழ்த்தளம் எங்களுக்குத் தேவைப்படுகிறது. எங்களுக்கு வேறு தரைத்தள வீடு இல்லை. உங்கள் மகளின் தேர்வைக் கருதி, மே 31 ஆம் நாளோடு குடியிருப்பை முடித்து, அன்றோ அதற்கு முன்போ வீட்டை ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் ரூ. 42,000 இல் பாதியை, நீங்கள் புது வீடு உறுதி செய்ததும் தந்துவிடுவேன்; மீதியை, நிலுவை இருந்தால் கழித்துக்கொண்டு, சாவி பெறும் நாளில் தருவேன்."

பாதி முன்பணத்தை முன்கூட்டித் தருவது சட்டம் கேட்பதன்று. வெளியேறிய ஒரு மாதத்துக்குள் திருப்பினால் போதும். ஆனால் புது வீட்டுக்கு முன்பணம் கட்டக் கையில் பணமில்லாமல்தான் பல குடும்பங்கள் நகர முடியாமல் தவிக்கின்றன என்பதை என் அனுபவத்தில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் நாளுடன் கையொப்பம் பெறச் சொன்னேன். மறுத்தால், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். குறித்த நாள் கடந்தும் அவர்கள் வெளியேறாமல் இருந்தால், அதன்பின் தரப்படும் பணத்தை வழக்கமான வாடகை ரசீது கொடுத்து வாங்கக் கூடாது என்றும் எச்சரித்தேன். அது அறிவிப்பைக் கைவிட்டு குடியிருப்பைத் தொடர அனுமதித்ததாக வாதிட இடமளிக்கும். அப்போது செல்ல வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம். பூட்டை மாற்றுவது வழியன்று.

நீதிமன்றம் செல்லும் தேவை எழவில்லை. மே 24 அன்று அவர்கள் சாவியைக் கொடுத்தபோது, இருவரும் மின் மீட்டரின் அளவைக் குறித்துக் கையொப்பமிட்டு, கட்ட வேண்டிய மின் கட்டணத்தை மட்டும் கழித்து, மீதி முன்பணத்தை அங்கேயே தீர்த்துக்கொண்டார்கள்.