ஒரு கண்ணுக்கு லேசர், மறு கண்ணுக்கு ஊசி: ஏன்?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் 58 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். இனிப்புநீர் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. கிளினிக்கில் கண்ணைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே டாக்டர் வலக்கண்ணுக்கு லேசர் என்றும் இடக்கண்ணுக்கு ஊசி என்றும் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் குழப்பம். வலக்கண் நன்றாகத் தெரிகிறதே, அதை ஏன் சுட வேண்டும்? மங்கலாகத் தெரிவது இடக்கண்தானே? போதாக்குறைக்கு, "லேசர் வச்சவங்களுக்குத்தான் கண்ணு போச்சு" என்று அடுத்த லயத்தில் ஒரு பேச்சு.

இனிப்புநீர் விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்களை இரண்டு விதமாகக் கெடுக்கும். சில குழாய்களின் சுவர் தளர்ந்து நீர் கசியும். அந்த நீர் விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கினால், வாசிக்கவும் முகம் பார்த்து அடையாளம் காணவும் பயன்படும் இடமே வீங்கிவிடும். அதனால் பார்வை மங்கும். இந்த அம்மாவின் இடக்கண்ணுக்கு நேர்ந்தது இதுதான்.

வேறு சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும். அங்கே ஆக்சிஜன் கிடைக்காமல் திணறும் விழித்திரை, 'புதுக் குழாய் வேண்டும்' என்று ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். அதன் பெயர் வி.இ.ஜி.எஃப். அதன்படியே புதுக் குழாய்கள் முளைக்கும். ஆனால் அவை பலமில்லாதவை, எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். கூடவே வளரும் நார் இறுகி விழித்திரையைப் பிடித்து இழுத்து, இருக்கும் இடத்திலிருந்து பிய்த்தும் விடும். வலக்கண்ணில் புதுக் குழாய்கள் முளைத்துவிட்டன, இன்னும் உடையவில்லை. அதனால்தான் அந்தக் கண் நன்றாகத் தெரிகிறது.

லேசரின் வேலை புதுக் குழாயைச் சுடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் டாக்டர் சுடுவது விழித்திரையின் ஓரத்தை. நடுப்பகுதியைத் தொடாமல், சுற்றிலும் சுமார் 1,200 முதல் 1,600 சிறு புள்ளிகள் வைப்பார்; புள்ளியின் அளவு சிறிதாக இருந்தால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். விழித்திரையில் ஆக்சிஜனை அதிகம் தின்பவை ஒளியை உணரும் செல்கள். ஓரத்தில் அவற்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டால், மிச்சமுள்ள விழித்திரைக்கு ஆக்சிஜன் போதுமானதாகிறது. வி.இ.ஜி.எஃப். சுரப்பு இறங்கும், புதுக் குழாய்கள் சில வாரங்களில் சுருங்கும். ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றும் பேரம் இது.

அந்தப் பேரத்துக்கு ஒரு விலை உண்டு. ஓரப் பார்வை கொஞ்சம் சுருங்கும், இருட்டில் பார்ப்பது கடினமாகும். விடிவதற்கு முன்பே மோட்டாரில் வேலைக்குப் போகிறவர் இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பார்வை கூடும் என்று எதிர்பார்த்து லேசருக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனென்றால் லேசர் இருப்பதைக் காக்கும் சிகிச்சை. 'லேசர் வச்சதால் கண் போச்சு' என்ற பேச்சின் பின்னால் பெரும்பாலும் இருப்பது, ரத்தம் கொட்டிய பிறகோ விழித்திரை இழுபட்ட பிறகோ தாமதமாக வந்தவரின் கதைதான்.

லேசர் அன்று கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு மரத்துப்போகும் சொட்டு. நாடியை மேசை மீதுள்ள கருவியில் ஊன்றி, கண்மேல் ஒரு கண்ணாடி லென்ஸை வைத்து, பளிச் பளிச்சென்று ஒளி அடிப்பார்கள். சிலருக்கு எதுவும் தெரியாது. சிலருக்கு இடம் வலமாக உள்ள பக்கங்களில், நரம்பு ஓடும் இடத்தில், சுருக்கென்று குத்தும். குத்தினால் சொல்லலாம், சக்தியைக் குறைப்பார்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு தடவையாகப் பிரித்து வைப்பார்கள். ஒரே நாளில் முழுதும் வைத்தால் நடுப்பகுதி வீங்க வாய்ப்பு அதிகம். கண்மணி விரிந்தபடியே பல மணி நேரம் இருக்கும், ஆகவே அன்று மோட்டாரை வீட்டில் வைத்துவிட்டு, துணைக்கு ஒருவரோடு பஸ்ஸில் போவது நல்லது.

இடக்கண்ணுக்குப் போடும் ஊசி, வி.இ.ஜி.எஃப்.ஐப் பிடித்து முடக்கும் மருந்து. குழாய்ச் சுவரைத் தளர்த்தி நீர் கசிய வைப்பதிலும் அதே ரசாயனத்துக்குப் பங்கு உண்டு. பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் ஆகிய மூன்றும் பரவலாகப் பயன்படுபவை. பெவாசிசுமாப் முதலில் குடல் புற்றுநோய்க்காக வந்தது. அதைச் சிறு சிறு அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுவதால் விலை குறைவு. பார்வை ஓரளவு நன்றாக இருக்கும்போது மூன்றுமே ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன. பார்வை மிகவும் குறைந்திருந்தால், முதல் ஆண்டில் அஃப்லிபர்செப்ட் சற்று முன்னிலை பெற்றதாக 2015இல் வெளிவந்த அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வு காட்டியது.

"கண்மணியிலேயே குத்துவாங்களாமே" என்ற பயம் வேண்டாம். கருவிழியின் விளிம்பிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில்தான் குத்துவார்கள். அங்கே கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் இல்லை, விழித்திரையும் இல்லை. முதலில் மரத்துப்போகும் சொட்டு, பிறகு அயோடின் கரைசல். இமை மூடாமல் இருக்க ஒரு கம்பி மாட்டுவார்கள். பலருக்கு அதுதான் அசௌகரியம். உள்ளே போகும் மருந்து 0.05 மில்லிலிட்டர், ஒரு துளி அளவுதான். குத்துவதற்குச் சில விநாடிகள். அதன்பின் ஓரிரு நாள் கண்ணில் கரும்புள்ளி மிதப்பதும், குத்திய இடத்தில் ரத்தச் சிவப்பு படர்வதும் சாதாரணம்.

சாதாரணமல்லாத ஒன்றும் உண்டு: கண்ணுக்குள் கிருமி புகுவது. ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றில் நடக்கும், ஆனால் நடந்தால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம். ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் வலி கூடிக்கொண்டே போனால், கண் சிவந்து பார்வையும் இறங்கினால், அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால், ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசியின் பெரிய சிக்கல் வேறு. மருந்து சில வாரங்களில் தீர்ந்துவிடும். தொடக்கத்தில் மாதம் ஒன்று போட வேண்டியிருக்கும், முதல் ஆண்டில் எட்டு, ஒன்பது ஆவது சகஜம். நம் அம்மாவின் இடக்கண்ணில் ஸ்கேனில் நடுப்பகுதியின் தடிமன் 460 மைக்ரான், பார்வை 6/24 என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஊசிக்குப் பிறகு 310 ஆகி, பார்வை 6/12க்கு ஏறினால், அது நல்ல முன்னேற்றம். இந்த இடத்தில்தான் பலர் 'தெளிஞ்சிருச்சு' என்று நிறுத்திவிடுவார்கள், நீர் மறுபடியும் தேங்கும். கசிவு நின்றது என்று ஸ்கேன் சொன்ன பிறகே இடைவெளியை நீட்டுவார்கள்.

அப்படியானால் வலக்கண்ணுக்கும் ஊசியே போதாதா? போதும், கணக்கு தவறாமல் வர முடிந்தால். 2015இல் வந்த இன்னொரு ஆய்வு, புதுக் குழாய்கள் முளைத்த கண்களில் பார்வையைக் காப்பதில் ஊசி லேசருக்குக் குறைந்ததல்ல என்றது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் வராமல் போனவர்களைக் கவனித்த 2019 ஆய்வில், ஊசி மட்டும் போட்டிருந்த கண்களின் நிலை லேசர் வைத்திருந்த கண்களைவிட மோசம். விழித்திரை இழுபட்டுப் பிய்வதும் அவற்றில் அதிகம். லேசரின் பலன் தங்கிவிடும், ஊசியின் பலன் கரைந்துவிடும். ஒருநாள் சம்பளத்தை விட்டு, பஸ் பிடித்து, கூட்டிப்போக மகனுக்கும் லீவு கேட்க வேண்டிய குடும்பத்துக்கு இது சின்ன வேறுபாடு அல்ல. மாதாமாதம் வர முடியுமா என்று டாக்டர் கேட்டால், மரியாதைக்காக 'முடியும்' என்று தலையாட்டாதீர்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் அவர் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கிறார்.

லேசர் முழுதும் வைத்த பிறகும் சில வாரங்கள் புதுக் குழாய் உடைய வாய்ப்பு இருக்கிறது. ஒரு காலையில் வலக்கண்ணில் சிலந்தி வலை போலக் கறுப்பு நூல்கள் மிதந்தால், ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தெரிவித்து, இரவில் தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். ரத்தம் கீழே படிந்தால், டாக்டர் விழித்திரையைப் பார்த்து, தேவைப்பட்டால் கூடுதல் லேசர் வைக்க வழி கிடைக்கும். சில வாரம், சில மாதத்தில் தானாகத் தெளிவதும் உண்டு. தெளியாவிட்டால் கண்ணுக்குள் இருக்கும் ரத்தத்தை அறுவை சிகிச்சையில் வெளியே எடுப்பார்கள்.