பெரியம்மாவின் ஊசி ஏன் குளிசையாக வருவதில்லை?

இங்கே திருகோணமலையில் மீன் அடைத்து அனுப்புகிற மாதிரி ஒரு றெஜிஃபோம் பெட்டியில்தான் பெரியம்மாவின் ஊசி கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து சேரும். முடக்குவாதத்துக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை 40 மில்லிகிராம், தோலுக்குக் கீழே போடுவது. பெயர் அடாலிமுமாப். ஒவ்வொரு முறையும் பெரியம்மா கேட்பார்: "இதைக் குளிசையாத் தந்தா என்ன தம்பி?"

தர முடியாது. அது ஒரு புரதம். விழுங்கினால் மீன் துண்டைப் போலவே வயிற்றில் செரித்துவிடும், இரத்தத்துக்குப் போய்ச் சேராது. அளவையும் பாருங்கள். அஸ்பிரின் மூலக்கூறின் நிறை ஏறத்தாழ 180 அலகு, அடாலிமுமாப் ஏறத்தாழ 148,000. அஸ்பிரினை ஆய்வுகூடத்தில் வேதிப்பொருள்களைக் கொண்டு செய்துவிடலாம். 1,330 அமினோ அமிலங்களைக் கோத்துச் சரியாக மடித்து எடுக்க உயிருள்ள கலம் வேண்டும். வெள்ளெலி வகை ஒன்றின் சூலகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்படும் கலங்களிடம்தான் அந்த வேலை விடப்படுகிறது. உயிரியல் மருந்து என்று சொல்வது அதனால்தான்.

இந்த மருந்து என்ன வகை என்பதைப் பெயரே சொல்லிவிடும். அடா-லிம்-உ-மாப் என்று பிரித்து, கடைசியிலிருந்து படிக்க வேண்டும். 'மாப்' என்றால் மோனோகுளோனல் பிறபொருளெதிரி, அதாவது ஒரே கலத்தின் வழிவந்த கலங்கள் செய்கிற, எல்லாம் ஒரே இலக்கைப் பிடிக்கிற பிறபொருளெதிரி. 'உ' என்றால் மனிதப் புரத வரிசை. அந்த இடத்தில் 'சி' என்று ஒலித்தால், இன்ஃப்ளிக்சிமாபில் போல, எலியும் மனிதனும் கலந்தது. 'சு' வந்தால், டிராஸ்டுசுமாபில் போல, பெரும்பகுதி மனித வரிசையாக மாற்றப்பட்டது. 'லிம்' நோயெதிர்ப்புத் தொகுதியைக் குறிக்கும். முதலில் நிற்கும் 'அடா' மட்டும் தனிப்பெயர். 'உ', 'சி', 'சு' எழுத்துகளைப் புதிய பெயர்களில் இடுவதை உலக சுகாதார நிறுவனம் 2017இல் நிறுத்தியது. 2021இல் புதிய மருந்துகளுக்கு 'மாப்' என்பதையும் விட்டுவிட்டு, டக், பார்ட், மிக், மென்ட் என்று நான்கு ஈறுகளை வைத்தது. பழைய பெயர்கள் மாறவில்லை.

இதே முடக்குவாதத்துக்கு டோஃபாசிடினிப் என்ற குளிசையும் உண்டு. இரண்டும் வேலை செய்யும் இடம் வேறு. வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப் என்ற புரதம் கலத்துக்கு வெளியே திரிகிறது. அடாலிமுமாப் அதை வெளியிலேயே பிடித்துக்கொள்ளும். கலத்துக்குள் நுழைய அதற்கு உடம்பு பெரிது. டோஃபாசிடினிப் சின்னது, ஆகவே உள்ளே போய், செய்தி கடத்தும் ஜாக் என்ற நொதியத்தைத் தடுக்கும். அதன் பெயர் முடியும் 'சிடினிப்' அதையே சொல்கிறது.

குளிசையில் பாதி ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து போய்விடும். அடாலிமுமாபில் பாதி போக இரண்டு கிழமை அளவில் எடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரத்தக் குழாய்ச் சுவரின் கலங்கள் பல புரதங்களை விழுங்கி அழிக்கின்றன. ஆனால் பிறபொருளெதிரி வந்தால், அதன் வால்பகுதியைப் பிடிக்கிற ஒரு ஏற்பி அதைக் காப்பாற்றித் திரும்ப இரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது. மருந்துக்கும் அந்த வால் இருக்கிறது.

சரி, இவ்வளவு பெரிய புரதம் என்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. உடம்பு அதை அந்நியமாகக் கண்டு, அதற்கே பிறபொருளெதிரி செய்யத் தொடங்கலாம். மனித வரிசையாக இருந்தும் இது நடக்கிறது. பல மாதம் நன்றாக இருந்தவருக்குக் காலையில் விரல் மடக்க முடியாத விறைப்பு மறுபடி வந்தால் இதையும் நினைக்க வேண்டும். இரத்தத்தில் மருந்தின் அளவையும் அதற்கெதிரான பிறபொருளெதிரியையும் அளந்தால் தெரியும். ஊசியோடு மெத்தோட்ரெக்சேட் குளிசையையும் கிழமைக்கு ஒருநாள் தொடரச் சொல்வதற்கு இது ஒரு காரணம். அது இந்த எதிர்ப்பைக் குறைக்கிறது.

இன்னொரு எல்லை காசநோய். உடம்புக்குள் உறங்கும் கிருமியைச் சுற்றி வேலி கட்டி வைப்பதில் டி.என்.எஃப்புக்குப் பங்கு உண்டு. அதை அடக்கினால் வேலி தளரும். அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே பெரியம்மாவுக்கு நெஞ்சுப் படமும் காசநோய்ப் பரிசோதனையும் எடுத்தார்கள்.

குளிர் பற்றி நான் பட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். மருந்து இருக்க வேண்டியது 2 முதல் 8 பாகை செல்சியஸில். நம் ஊர் வெயிலுக்குப் பயந்து, ஒருமுறை மீனுக்குப் போடுவது போல ஊசிப் பேனாவை ஐஸுக்குள்ளேயே புதைத்துக் கொண்டுவந்தேன். திறந்தபோது உள்ளே உறைந்திருந்தது. உறைந்தால் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகலாம். உருகிய பிறகு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் போடக்கூடாது. அந்தப் பேனாவை வீசிவிட்டோம். இப்போது ஐஸுக்கும் மருந்துப் பெட்டிக்கும் நடுவே தடித்த துவாய் ஒன்றை மடித்து வைத்து, பக்கத்தில் சின்ன வெப்பமானியும் போட்டுத்தான் கொண்டுவருகிறோம். பெட்டி வந்ததும் பெரியம்மா முதலில் பார்ப்பது அந்த வெப்பமானியைத்தான்.