ஆறடிச் சுவரோடு நின்றுபோன உயரம்

“சுவரை ஒன்பது அங்குலமாகவே வைங்க சார், பின்னாடி மாடி எழுப்பினாலும் தாங்கும்.” கட்டமைப்புப் பொறியாளரான என்னிடம் அடிக்கடி வரும் வேண்டுகோள் இது. அதுவும் பில்லர், பீம் போட்டுக் கட்டும் வீட்டுக்கு! தடிமன்தான் பலம் என்ற கணக்கு எங்கே முட்டி நின்றது என்று பார்க்க, சிகாகோவின் மொனாட்னாக் கட்டடம் ஒன்றே போதும்.

அதன் வடபாதி 1891இல் முடிந்தது. பர்ன்ஹாம், ரூட் இருவரின் நிறுவனம் வடிவமைத்தது. 16 மாடி, சுமார் 60 மீட்டர் உயரம். உள்ளே இரும்புத் தூண்கள் உண்டு. ஆனால் வெளிச்சுவரைச் செங்கல்லே சுமக்கிறது. அதனால் தரைமட்டத்தில் அந்தச் சுவர் 6 அடி தடிமன்.

ஏன் அவ்வளவு? செங்கல் கட்டு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் எடை. 60 மீட்டர் உயரத்துக்கு ஒரே தடிமனில் சுவர் எழுப்பினால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் 120 டன் அமரும். சுவரை இரண்டு மடங்கு தடிமனாக்கிப் பாருங்கள். எடையும் இரட்டிக்கும், தாங்கும் பரப்பும் இரட்டிக்கும். 120 டன் அப்படியே நிற்கும். நல்ல செங்கல் கட்டிலேயே சதுர மீட்டருக்குச் சுமார் 100 டன்னுக்கு மேல் ஏற்றத் துணியமாட்டோம். தளங்களின் பாரமும் காற்றும் இன்னும் கணக்கில் சேரவே இல்லை. ஆகவே மேலே போகப்போகச் சுவரை மெலிய விடுவது ஒன்றுதான் வழி. அப்படியானால் உச்சியில் ஒரு மாடி கூடினாலும் அடிச்சுவர் பருக்க வேண்டும். அதிக வாடகை வரும் தரைத்தளத்தில் இடம் போகும், வெளிச்சமும் போகும்.

அடுத்த இடி மண்ணிலிருந்து. சிகாகோவின் அடிமண் இளகிய களிமண். சதுர மீட்டருக்கு 15 முதல் 20 டன் வரைதான் பொறுக்கும். இவ்வளவு கனத்தைப் பரப்பி இறக்க அகலமான அஸ்திவாரம் போட்டார்கள். கட்டடம் 8 அங்குலம் அமரும் என்று முன்கூட்டியே கணித்துத்தான் கட்டினார்கள். ஆண்டுகள் போகப்போக அது 20 அங்குலம் வரை இறங்கியது.

இனி எஃகைப் பாருங்கள். 400 டன் பாரத்தைச் செங்கல்லில் இறக்க 2 மீட்டருக்கு 2 மீட்டர் தூண் வேண்டும். அன்றைய எஃகை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன் வரை நம்பலாம். வெட்டுமுகத்தில் 20க்கு 20 சென்டிமீட்டர் அளவு எஃகு போதும். நூற்றில் ஒரு பங்கு. 1885இல் வில்லியம் லெ பாரன் ஜென்னி கட்டிய 10 மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் இந்த வழியைப் பெருமளவு திறந்துவிட்டது. மொனாட்னாக்கின் தென்பாதி 1893இல் எழுந்தபோது ஹோலபர்ட், ரோஷ் நிறுவனம் எஃகுச் சட்டகத்தையே எடுத்துக்கொண்டது. அங்கே வெளிச்சுவர் தன் பாரத்தைக் கீழ்ச்சுவர் மேல் ஏற்றுவதில்லை. அந்தந்த மாடியின் உத்திரமே அதைத் தாங்கிக்கொள்கிறது. சுவர் மழைக்கும் காற்றுக்கும் மறைப்பு, அவ்வளவுதான்.

எஃகுக்கு இரண்டு குறைகள். சுவர் தன் கனத்தாலேயே காற்றை எதிர்த்து நிற்கும். சட்டகம் அப்படியல்ல, இணைப்புகளை விறைப்பாகக் கட்டாவிட்டால் சாயும். தீயில் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது எஃகின் பலம் பாதியாகிவிடும். அதனால் சிகாகோவில் தூண்களைச் சுட்டமண் ஓடுகளால் மூடினார்கள்.

கான்கிரீட் அந்த மூடாக்கைத் தானே கொண்டுவந்தது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும்; இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் பலம். அந்த இழுவையைக் கம்பி வாங்கிக்கொள்கிறது. சூட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு விரிவதால் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதில்லை. எர்னஸ்ட் ரான்சம் சதுரக் கம்பியை முறுக்கிப் பிடிமானம் கூட்டினார். 1884இல் காப்புரிமையும் பெற்றார். அந்த முறையில் சின்சினாட்டியில் 1903இல் முடிந்தது 16 மாடி இங்கால்ஸ் கட்டடம். வார்ப்புப் பலகையைக் கழற்றினால் இடிந்துவிடும் என்று அன்று பலர் நம்பினார்களாம். இன்றும் நிற்கிறது.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பில்லர், பீம் உள்ள வீட்டில் நடுச்சுவரைத் தடிமனாக்கினால் பீம் மேல் பாரம்தான் கூடும். அந்தச் செங்கல் காசைக் கம்பி மீது கான்கிரீட் மூடாக்குச் சரியாக அமைவதில் போடுங்கள். கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் வார்த்தால் ஈரம் கம்பியை எட்டி, துரு உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பியின் போக்கிலேயே நேராக ஓடும் கீறல், பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளென்ற சத்தம் இவையே அடையாளம். பில்லர் இல்லாத பழைய வீடாக இருந்தால் கதை வேறு: அங்கே சுவர்தான் தூண். ஹால் பெரிதாக வேண்டும் என்று ஒரு சுவரை எடுக்கும் முன், மேல்தளத்தின் உத்திரங்கள் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன என்று ஒரு பொறியாளரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.