ஷெல் ஏன் சொன்ன இடத்தில் விழுவதில்லை

கோணேசர் கோயில் மலையில் நின்று கடலைப் பார்த்தால் இரண்டு வள்ளங்களில் எது கிட்ட, எது தூர என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். கீழே கடற்கரைக்கு இறங்கி வந்து அதே வள்ளங்களைப் பாருங்கள். இடம் வலம் மாறாது. கிட்ட எது, தூர எது என்பதுதான் குழம்பிப்போகும். ஆட்டிலறிச் சூட்டை வழிநடத்துவதில் பாதிச் சிக்கல் இந்தக் குழப்பத்தால் வருவதுதான். திருமலைத் துறைமுகத்தைக் காவல் காத்த பழைய கரையோரப் பீரங்கிகளுக்கு ஒஸ்டன்பேர்க் முகடு போன்ற உயரங்களைத் தேடியதற்கும் இதுவே ஒரு காரணம்.

ஷெல் அடிப்பவர் இலக்கைப் பார்த்துத்தான் அடிக்கிறார் என்று பலரும் நினைக்கிறார்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பவர் இலக்கைக் காண்பதேயில்லை. 1904-05 ரஷ்ய ஜப்பானியப் போருக்குப் பிறகு பீரங்கிகள் மேட்டுக்குப் பின்னால் மறைந்து சுடுவது வழக்கமாகிவிட்டது. இலக்கைக் காண்பவர் முன்னரங்க அவதானிப்பாளர். அவர் சொல்வதைக் கோணமாகவும் தூரமாகவும் மாற்றுவது நடுவில் இருக்கும் கணிப்பு மேசை. பீரங்கி அந்த எண்களை மட்டும்தான் அறியும்.

அவதானிப்பாளரின் தொலைநோக்கியில் பாகைக்குப் பதிலாக ‘மில்’ என்ற அளவு கீறப்பட்டிருக்கும். மேற்கு நாட்டு முறையில் ஒரு முழு வட்டம் 6400 மில். இதன் வசதி என்னவென்றால், 1 கிலோமீட்டர் தூரத்தில் 1 மில் என்பது ஏறக்குறைய 1 மீட்டர். இலக்கு 3 கிலோமீட்டரில் இருக்கிறது, முதல் ஷெல் அதற்கு 40 மில் இடப்பக்கம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் நாற்பதையும் பெருக்கினால் 120. “வலம் 120” என்று அறிவித்துவிடுவார். பக்கவாட்டுப் பிழை அத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

தூரத்தை இப்படி அளக்க முடியாது. புகை இலக்கை மறைத்தால் ஷெல் முன்னால் விழுந்திருக்கிறது, இலக்கு புகையை மறைத்தால் பின்னால் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். அதனால் அவர் வேண்டுமென்றே தாண்டவைப்பார். கிட்ட விழுந்தால் “கூட்டு 400”. தாண்டிவிட்டால் “குறை 200”. பிறகு 100, அதற்குப் பிறகு 50 என்று பாதி பாதியாக நெருக்குவார். 100 மீட்டர் இடைவெளியைப் பாதியாக வெட்டியதும் எல்லாப் பீரங்கிகளும் ஒன்றாகச் சுடும். முதலில் ஒவ்வொன்றாக விழுந்த ஷெல்கள் பிறகு மழைபோல விழுந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதன் காரணம் இதுதான்.

மேசையில் நடக்கும் ஒரு பிழையைக் கிட்டவைத்துப் பார்ப்போம். பீரங்கி தெற்கே இருந்து வடக்கு நோக்கிச் சுடுகிறது. அவதானிப்பாளர் இலக்குக்குக் கிழக்கே நின்று மேற்கே பார்க்கிறார். அவருடைய வலப்பக்கம் வடக்கு. ஆகவே அவர் சொல்லும் “வலம் 120” பீரங்கிக்கு வலம் அல்ல. தூரத்தில் 120 மீட்டர் கூட்டல். இதற்காக வரைபடத்தில் இலக்கு ஊசிமேல் கட்டம் போட்ட ஒரு வட்டத் தட்டைச் செருகி, அவதானிப்பாளரின் பார்வைத் திசைக்குத் திருப்பிவிட்டுத்தான் திருத்தத்தைக் குறிப்பார்கள். தட்டைத் திருப்ப மறந்தால் ஷெல் கிழக்கே 120 மீட்டர் நகரும், அதாவது அவதானிப்பாளர் நிற்கும் பக்கத்துக்கே. திருத்தம் சொன்னதும் ஷெல் எதிர்பாராத பக்கம் போனால் உடனே சூட்டை நிறுத்திப் பார்க்க வேண்டியது திசையைத்தான். ஆள்கூறின் எண்கள் இடம் மாறிப்போவது இன்னொரு பழைய வியாதி. கேட்டவர் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற விதி அதனால் வந்தது. கணினி வந்த பிறகும் தவறான எண்ணைத் தட்டினால் தவறான விடைதான், வேகமாக வரும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் வெயில் விடாது. மேற்கு நாட்டுப் பீரங்கிச் சூட்டு அட்டவணைகள், ஷெல்லைத் தள்ளும் வெடிமருந்து 21 பாகை செல்சியஸில் இருப்பதாக வைத்துக் கணிக்கப்பட்டவை. திருமலையின் ஆவணி வெயிலில் மூடிவைத்த மருந்துப் பெட்டி அதைவிட நன்றாகவே சூடேறும். சூடான மருந்து வேகமாக எரியும், ஷெல் தாண்டி விழும். தேய்ந்த குழல் என்றால் எதிர்மாறாகக் கிட்ட விழும். காற்றுக்கு பலூன் விட்டு உயரத்துக்கு உயரம் அளந்து திருத்துவார்கள்.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. திருத்த முடியாத ஒன்றும் உண்டு. ஒரே பீரங்கி, ஒரே கோணம், ஒரே மருந்து என்று சுட்டாலும் ஷெல்கள் ஒரே குழியில் விழா. அவை நீள்வட்டமாகச் சிதறும். நீளம் சுடும் திசையில், அகலம் மிகக் குறைவு. பாதி ஷெல்கள் நடுப்புள்ளிக்கு முன்பின் 25 மீட்டருக்குள் விழும் பீரங்கி என்றால், ஏறக்குறைய எல்லா ஷெல்களையும் அடக்க அதன் நான்கு மடங்கு வேண்டும்: முன்னால் 100, பின்னால் 100. பக்கவாட்டில் அதே கணக்கு 5 மீட்டரில் தொடங்கினால் மொத்த அகலம் 40 மீட்டர்தான். “இலக்கு முகாம், விழுந்தது பள்ளிக்கூடம்” என்ற முறைப்பாடுகளை ஆராயும்போது முதலில் கேட்க வேண்டியது, பள்ளிக்கூடம் சூட்டுக் கோட்டுக்குப் பக்கவாட்டில் இருந்ததா, கோட்டிலேயே இருந்ததா என்பதுதான். கோட்டில் இருந்தால் அது சுட்டவருக்கு முன்கூட்டியே தெரிந்த ஆபத்து. எங்கள் பார்வையில் அதைத் ‘தவறி விழுந்தது’ என்று சொல்லித் தப்ப முடியாது.

சுட்டவரை எதிர்த்தரப்பு தேடுவதும் ஒரு கணக்குத்தான். முதல் உலகப் போரில் லாரன்ஸ் பிராக் என்ற இயற்பியலாளர் வரிசையாக ஒலிவாங்கிகளை வைத்து, பீரங்கியின் குத்துச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி பிந்தி வருகிறது என்பதிலிருந்து இடத்தைக் கண்டார். இன்றைய எதிர்ப்பீரங்கி ராடர் சத்தத்தைக் கேட்பதில்லை. அடிவானத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத வேலியைப்போல அலைக்கற்றையை ஓடவிடும். ஏதாவது அதைக் கிழித்து மேலே போனால் சில நொடிகள் பின்தொடர்ந்து, அது ஷெல்லா, பறவையா, விமானமா என்று பாதையின் வடிவத்தை வைத்துப் பிரிக்கும். பிறகு பாதையைப் பின்னோக்கி நீட்டினால் பீரங்கி, முன்னோக்கி நீட்டினால் விழும் இடம். ஷெல் விழுமுன்பே விடை கிடைத்துவிடலாம்.

பின்னோக்கி நீட்டிய கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதை ராடர் அறியாது. நில உயரத்தை வரைபடம் சொல்ல வேண்டும். ஷெல் 30 பாகையில் ஏறியிருந்து, நில உயரம் 20 மீட்டர் பிழைத்தால், பீரங்கியின் இடம் ஏறக்குறைய 35 மீட்டர் தள்ளிப்போகும். வயல்வெளியில் இது பெரிதில்லை, கன்னியாப் பக்கம்போலக் குன்றுள்ள நிலத்தில் பெரிது. குன்றுக்குப் பின்னால் தாழ்வாகப் பறக்கும் ஷெல் வேலிக்கு மேலே வராமலே போகவும் கூடும். இடம் சரியாகவே கிடைத்தாலும் அது பீரங்கி சுட்டபோது நின்ற இடம். வண்டியில் பூட்டிய பீரங்கி நகர்ந்துவிட்டால் பதில் ஷெல் வெறும் இடத்தில், அல்லது அதற்குப் பக்கத்து வீட்டில், விழும்.

காணி துப்பரவாக்கும்போது இந்த நீள்வட்டத்தை நினைவில் வையுங்கள். ஒரு பழைய ஷெல் குழி தெரிந்தால், வெடிக்காத மற்றொன்று சுட்ட திசைக்கு நேராக, 100 அல்லது 200 மீட்டர் தள்ளிக் கிடக்கக்கூடும். ஈர வயலில் அது வெறும் சாய்ந்த துளையாகத்தான் தெரியும். விளிம்பில் கருகலும் இருக்காது, சன்னம் தெறித்த கோடுகளும் இருக்காது. மண்ணுக்குள் வளைந்து போயிருக்கலாம் என்பதால் துளைக்கு நேர்கீழே தான் கிடக்கும் என்றும் நம்ப வேண்டாம். தடியால் குத்திப் பார்க்காமல், போன வழியிலேயே திரும்பி வந்து, தூரத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட்டு 119க்கு அழையுங்கள்.