ரிட்டர்ன் வந்த மிக்ஸி: ஸ்டாக்கா, ரிப்பேரா, கழிவா?

ஆன்லைனில் மிக்ஸி விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் ரிட்டர்ன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இதே வேலையில் இருக்கும் பலர் பெட்டியைப் பிரித்து, பிளக்கைச் செருகி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஓடினால் மறுபடி டேப் ஒட்டி ஸ்டாக்கில் வைத்துவிடுகிறார்கள். மிக்ஸி ஓடுவது ஒன்றையுமே சொல்வதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வகை ரிட்டர்னைப் பிரித்துவிடுங்கள். வாடிக்கையாளர் வாங்காமலே கூரியர் திருப்பிக் கொண்டுவந்தது ஒன்று, நாம் ஆர்டிஓ என்போம். டேப் பிரியாமல், எடை சரியாக இருந்து, திறந்து பார்த்தால் ஜாரும் மூடியும் விரிசல் இல்லாமல் இருந்தால் அது நேராக ஸ்டாக்குக்குப் போகலாம். சிக்கல் எல்லாம் வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்ததில்தான்.

வீட்டிலிருந்து வந்த பெட்டியைக் கேமரா ஓடும்போதுதான் திறக்க வேண்டும். கூரியர் லேபிள் தெரிய ஆரம்பித்து, மிக்ஸியின் அடியில் உள்ள சீரியல் நம்பர் தெரியும் வரை வீடியோ நடுவில் வெட்டுப்படக்கூடாது. பெட்டியில் உள்ள நம்பரும் அடியில் உள்ள நம்பரும் நம் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றாக இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, விற்பனைத் தளத்தில் கிளெய்ம் போடுங்கள். அதற்குத் தரும் நாட்கள் குறைவு, அந்த வீடியோ இல்லாமல் போட்ட கிளெய்ம் நிற்பதும் கடினம்.

நம்பர் சரி என்றால் அடுத்த கேள்வி, இதில் சாப்பாட்டுப் பொருள் அரைத்திருக்கிறார்களா என்பது. ஜாரைக் கழுவித் துடைத்துத்தான் அனுப்புவார்கள், அதனால் ஜாரின் உள்ளே பார்த்துப் பயனில்லை. மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றி மறுபக்கம் திருப்பி வெள்ளைத் துணியால் ஒரு தடவை அழுத்தித் துடையுங்கள். ஒரு முறை சட்னி அரைத்திருந்தாலும் பெரும்பாலும் துணியில் மஞ்சள் கறை ஏறும். பிளேடுக்கு அடியில் அதன் தண்டைத் தாங்கும் புஷ்ஷைச் சுற்றியும் பாருங்கள், அங்கே கருப்பாகப் பிசுபிசுவென்று ஒரு வட்டம் இருக்கலாம். இப்படி அடையாளம் தெரிந்த மிக்ஸி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இனி புதுசு இல்லை. பழையதையோ பழுது பார்த்ததையோ புதிது என்று காட்டி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சட்டத்தை விடுங்கள், யாரோ அரைத்துப் பயன்படுத்திய ஜாரைப் புது ஜார் என்று நம்பி ஒரு வீட்டில் குழந்தைக்குக் கஞ்சி அரைப்பார்கள். எனக்கு அது ஒன்றே போதும்.

அப்புறம் கரண்ட். வீட்டில் ஜார் ஒழுகினால் தண்ணீர் நேராக, மோட்டார் தண்டின் மேல் இருந்து பிளேடைச் சுழற்றும் கப்ளருக்குக் கீழேதான் இறங்கும். கப்ளரைக் கழற்றிப் பாருங்கள் (பெரும்பாலான மிக்ஸிகளில் அது கடிகார திசையில் திருப்பினால்தான் கழலும், எதிர்ப்பக்கம் முறுக்கி உடைத்துவிடாதீர்கள்). அடியில் மாவு காய்ந்த கோடோ உப்புப் பூத்த வெள்ளையோ இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். இப்படி இருந்தால், மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்க்காமல் பிளக்கைச் செருகவே கூடாது. 500 வோல்ட் மெகரில் ஒரு முனையை பிளக்கின் லைன், நியூட்ரல் இரண்டு பின்னையும் சேர்த்துப் பிடித்து, இன்னொரு முனையை மோட்டார் தண்டில் வையுங்கள். மிக்ஸியின் குமிழை 1-ல் வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். அதை மறந்தால் சில மிக்ஸிகளில் மோட்டார் அளவில் சேராமலே போகலாம், அளவு அருமையாகக் காட்டும். நல்ல காய்ந்த மோட்டார் நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டும். எங்களிடம் 20-க்குக் கீழே காட்டினால் மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் காயவைத்து மறுபடி அளப்போம், அப்போதும் ஏறாவிட்டால் அந்த மோட்டார் கழிவு. 2-க்குக் கீழே என்றால் காயவைப்பதுகூட இல்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் பணக் கணக்குக்கு வர வேண்டும், அதற்குக் காரணம் உண்டு. ஒரு உதாரணத்தில் பாருங்கள். 750 வாட், மூன்று ஜார், "எரிந்த வாடை, திடீரென்று நின்றுவிட்டது" என்ற புகாரோடு வந்தது. நம்பர் சரி. சட்னி ஜார் வளையத்தில் மஞ்சள், மற்ற இரண்டு ஜாரும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தன. பாரம் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும், அடியில் உள்ள ஓவர்லோடு பட்டன் வெளியே தள்ளியிருந்தது. மெகர் அளவு நன்றாக இருந்ததால் பட்டனை அழுத்தி, பாதி ஜார் தண்ணீர் ஊற்றி ஓட்டினோம், ஓடியது. புது மோட்டாரில் முதல் சில தடவை வைண்டிங் கம்பிச்சுருளில் பூசிய வார்னிஷ் சூடாகி ஒரு வாடை வரும், அதைத்தான் எரிகிறது என்று பயந்திருக்கிறார்கள். கெட்டியாக அரைத்ததில் பட்டனும் வெளியே வந்திருக்கிறது. வார்னிஷ் வாடை ஓட ஓடக் குறையும். வைண்டிங் எரிந்த வாடை குறையாது, கார்பன் பிரஷ் பக்கம் பெரிதாகத் தீப்பொறியும் தெரியும். இதில் அது எதுவும் இல்லை, ஆக மோட்டார் நல்லது, ஒரு ஜார் மட்டும் போய்விட்டது.

இந்த மிக்ஸி வரி இல்லாமல் 1,600 ரூபாய்க்கு வாங்கியது என்று வையுங்கள், 18 சதவீத ஜிஎஸ்டி 288. புது சட்னி ஜார் 220, பெட்டி 70, கூலி 80, மொத்தம் 370 செலவு. "திறந்த பெட்டி, ஒரு ஜார் மாற்றியது" என்று எழுதி, கடையில் நேராக 1,700-க்கு விற்றால் வரி போக 1,441, செலவு போக 1,071 கையில் நிற்கும். அதையே கழிவாக எழுதினால் பழைய சாமான் விலையாக 100 வரும், ஆனால் கழித்து எழுதிய சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது (சிஜிஎஸ்டி சட்டம் 17(5)(h)), எடுத்த 288-ஐத் திருப்ப வேண்டும். 188 ரூபாய் நஷ்டம். வாங்கின 1,600 எப்படியும் போன பணம், இரண்டு பக்கமும் அது சமம், அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

இப்போது இதே மிக்ஸிக்கு மோட்டாரும் போயிருந்தது என்று வையுங்கள். மோட்டார் 650, கூடுதல் கூலி 70 சேர்த்தாலும் 351 மிஞ்சும், கழிவை விட நல்லதுதான். அதாவது பணத்தை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய எல்லா மிக்ஸியும் ரிப்பேர் பக்கம்தான் சாயும். தண்ணீர் போன மோட்டாரைக்கூட "காயவைத்தால் போதும், செலவே இல்லை" என்று கணக்கு ஆசை காட்டும். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது அந்த ஆசையை மறுப்பது கஷ்டம், அதனால்தான் மெகர் முடிவு கணக்குக்கு முன்னால் எழுதப்பட்டு, கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

பாதுகாப்பில் தேறியதில் எதை ரிப்பேர் செய்யாமல் விடலாம்? மிஞ்சும் தொகை, அது இன்னொரு முறை திரும்பி வந்தால் ஆகும் போக்குவரத்துச் செலவை விடக் குறைவாக இருந்தால் விட்டுவிடுவேன். மோட்டார் மாற்றியதை ஆன்லைனில் வெளியூருக்கு அனுப்புவதே இல்லை, உள்ளூர் சர்வீஸ் கடைக்குக் கொடுத்துவிடுவேன்.

பெட்டி மாற்றினால் புதுப் பெட்டியிலும் தயாரித்த மாதம், வருடம், எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும், சீரியல் நம்பர் அடியில் உள்ளதோடு பொருந்த வேண்டும்.

கழிவு என்று முடிவானதும் அந்த இடத்திலேயே ஒயரை மிக்ஸியின் உடலோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். வெட்டாமல் பழைய சாமான்காரரிடம் போன மிக்ஸி வாரச் சந்தையில் நம் பெயரோடு விற்பனைக்கு உட்கார்ந்திருக்கும். சீரியல் நம்பரைக் கழிவுப் பதிவேட்டில் எழுதி, அதே நம்பருக்கு வாரன்டி கேட்டு யாராவது வந்தால் தெரியும்படி சர்வீஸ் பிரிவுக்கும் கொடுங்கள். உடலை 2022 மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்பி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், கணக்காளர் அந்த ரசீதைக் கட்டாயம் கேட்பார்.