பாஸ்புக்கில் ஓர் எழுத்து விட்டுப்போனால்: வங்கிக்கு எழுத வேண்டிய கடிதம்

பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் KALISELVI M என்று அச்சாகியிருந்தது. இருக்க வேண்டியது KALAISELVI M. எங்கள் தெருவில் இருக்கும் கலைச்செல்வி அக்கா பத்து வருடமாக அந்தக் கணக்கில் பணம் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார். நூறு நாள் வேலைக் கூலி வந்தது, யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அவருடைய ஆயுள் காப்பீட்டு பாலிசி முதிர்ந்து, பாஸ்புக் நகலைக் கொடுத்தபோதுதான் "பெயர் பொருந்தவில்லை" என்று திரும்பி வந்தது.

கிளைக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்தவர் பேனாவால் ஒரு A சேர்த்து, பக்கத்தில் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அதே பதில் மறுபடி வந்தது. "போன மாசமே திருத்திக் குடுத்துட்டீங்களே சார்" என்று போய்க் கேட்டதற்கு, "அது பாஸ்புக்ல மட்டும்தாம்மா, சிஸ்டத்துல பழைய பேருதான் இருக்கு" என்றார்கள்.

பாஸ்புக் என்பது வெறும் அச்சுப் பிரதி. உண்மையான பெயர் வங்கியின் கணினியில், வாடிக்கையாளர் பதிவில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வாடிக்கையாளர் எண் உண்டு; கஸ்டமர் ஐடி என்றும், சில வங்கிகளில் சி.ஐ.எஃப். எண் என்றும் சொல்வார்கள். பாஸ்புக் முதல் பக்கத்திலேயே கணக்கு எண்ணுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும். சேமிப்புக் கணக்கு, வைப்பு நிதி, நகைக்கடன் எல்லாம் அந்த ஒரே எண்ணின் கீழ்தான் தொங்குகின்றன. ஆனால் பெயர் அந்த ஒரே இடத்தில் மட்டும் இருப்பதில்லை. கணக்கு தொடங்கியபோது கணக்கின் தலைப்பாக ஒருமுறை, டெபிட் கார்டுக்கு ஒருமுறை, வைப்பு நிதி ரசீதில் ஒருமுறை என்று அதே பிழை பல இடங்களில் பதிந்துபோயிருக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றதெல்லாம் தானாகத் திருந்திவிடும் என்று நம்ப முடியாது. அதனால்தான் கடிதத்தில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்கிறேன்.

பத்து வருடம் ஏன் பிழை வெளியே தெரியவில்லை என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஆதார் வழியாக வரும் கூலியும் மானியமும் ஆதார் எண்ணைப் பார்த்துக் கணக்குக்கு வருகின்றன. நெஃப்ட் பரிமாற்றமும் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைக்கப்படுகிறது. பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் வேறு: காப்பீட்டு நிறுவனம், வருங்கால வைப்பு நிதி அலுவலகம், வருமான வரித் துறை, பெயர் போட்டு வரும் காசோலை. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழியாகப் பணம் அனுப்புபவர், பெறுபவரின் பெயரை முன்கூட்டியே திரையில் பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. அனுப்புபவர் KALAISELVI என்று எதிர்பார்த்து KALISELVI என்று பார்த்தால் கை நின்றுவிடும்.

கடிதம் எழுத உட்காருவதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: இது எழுத்துப்பிழையா, பெயர் மாற்றமா? கணக்கு தொடங்கியபோது நீங்கள் கொடுத்த அடையாள ஆவணத்தில் பெயர் சரியாக இருந்து, வங்கியில் தட்டச்சு செய்தவர் தவறவிட்டிருந்தால் அது எழுத்துப்பிழை. அப்போது அரசிதழ் அறிவிப்பும் தேவையில்லை, நோட்டரி உறுதிமொழியும் தேவையில்லை. கேட்டால், "கணக்கு தொடங்கும் படிவத்தையும் அதனுடன் கொடுத்த நகலையும் எடுத்துப் பாருங்கள்" என்று பணிவாகச் சொல்லலாம். அக்கா விஷயத்தில் அதுதான் நடந்தது. படிவத்தில் கட்டம் கட்டமாக KALAISELVI என்றே எழுதியிருந்தது.

பெயர் மாற்றம் என்றால் கதை வேறு. திருமணத்துக்குப் பிறகு முதலெழுத்து மாறியது, எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டிக்கொண்டது, இவையெல்லாம் மாற்றம். அடையாள ஆவணம் பழைய பெயரில் இருந்தாலும், மாநில அரசு கொடுத்த திருமணப் பதிவுச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ கூட இருந்தால் அதை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. விதிகள் சொல்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கடிதத்தில் "என் பெயரை மாற்றித் தரவும்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அரசிதழ் கேட்பார்கள். "திருத்தித் தரவும்" என்று எழுதுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் முதலெழுத்து. ஆதாரில் Kalaiselvi M என்று இருக்கும். பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது பெயரில் வெறும் முதலெழுத்தை ஏற்கமாட்டார்கள், அதனால் அதில் அப்பா பெயர் விரிந்து KALAISELVI MURUGESAN என்று இருக்கும். வங்கியில் எந்த வடிவம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒரே பெயர்தான் என்றாலும் கடிதத்தில் ஒரே ஒரு வடிவத்தைத்தான் கேட்க வேண்டும், அந்த வடிவத்தில் உள்ள ஆவணத்தைத்தான் முதன்மையாக இணைக்க வேண்டும். ஆதாரிலேயே எழுத்துப்பிழை இருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டு வங்கிக்கு வாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு தடவை அலைய வேண்டியிருக்கும்.

அக்காவுக்காக எழுதிய கடிதம் கீழே. தமிழிலேயே எழுதினோம், வங்கியும் வாங்கிக்கொண்டது. பெயர்களை மட்டும் பாஸ்புக்கில் இருப்பதுபோல ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினோம்.

அனுப்புநர்: (பெயர், முகவரி, கைபேசி எண்)
பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)
நாள்:

பொருள்: வாடிக்கையாளர் பதிவிலும் இணைந்த அனைத்துப் பதிவுகளிலும் பெயரின் எழுத்துப்பிழையைத் திருத்தக் கோருதல்.

ஐயா / அம்மா,

தங்கள் கிளையில் எனக்குச் சேமிப்புக் கணக்கு உள்ளது. கணக்கு எண்: ______. வாடிக்கையாளர் எண்: ______.

பாஸ்புக்கில் என் பெயர் KALISELVI M என்று பதிவாகியுள்ளது. சரியான பெயர்: KALAISELVI M. கணக்கு தொடங்கும் படிவத்திலும் நான் அப்போது கொடுத்த அடையாள ஆவணத்திலும் பெயர் சரியாகவே உள்ளது. எனவே இது பதிவின்போது நேர்ந்த எழுத்துப்பிழை. பெயர் மாற்றம் அல்ல.

வாடிக்கையாளர் எண்ணின் கீழ் உள்ள பெயரைத் திருத்தி, அதன்படி சேமிப்புக் கணக்கின் தலைப்பு, வைப்பு நிதி (எண்: ______), டெபிட் கார்டு, காசோலைப் புத்தகம், இணைய மற்றும் கைபேசி வங்கிச் சேவை, மத்திய கே.ஒய்.சி. பதிவு, இக்கணக்கின் வழியாகச் சேர்ந்துள்ள காப்பீட்டுத் திட்டங்கள் ஆகியவற்றிலும் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். திருத்தம் முடிந்ததும் புதிய பாஸ்புக்கும், பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே வாடிக்கையாளருடையவை என்ற கடிதமும் தர வேண்டுகிறேன்.

இணைப்பு: ஆதார் நகல், பான் நகல், பாஸ்புக் முதல் பக்க நகல், வைப்பு நிதி ரசீது நகல் (அசல்கள் சரிபார்க்க நேரில் காட்டப்படும்).

இப்படிக்கு,
(வங்கியில் உள்ள அதே கையெழுத்து)

முதல் வரைவில் அக்காவின் மகன் விடுபட்ட எழுத்தை விளக்க ஒரு நீண்ட வாக்கியம் எழுதியிருந்தான். பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். கொடுக்கும் முன் அதை அடித்துவிட்டோம். இருக்கும் பெயர், இருக்க வேண்டிய பெயர், இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாலே போதும், படிப்பவர் குழம்பமாட்டார்.

கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கா தமிழில் கையெழுத்துப் போடுபவர். பெயரின் ஆங்கில எழுத்து திருந்துவதால் கையெழுத்து மாறாது, புதிதாகப் போட்டுப் பழக வேண்டியதில்லை. கையெழுத்து பொருந்தாவிட்டால் கடிதமே நின்றுபோகும். கூட்டுக் கணக்கு என்றால் மற்றவரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு நகலிலும் உங்கள் கையெழுத்து வேண்டும். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் முறையிட நேர்ந்தால் அந்தத் தாள்தான் உங்கள் ஆதாரம். வங்கி தன் படிவம் ஒன்றையும் நிரப்பச் சொல்லலாம், நிரப்பிக் கொடுங்கள், ஆனாலும் கடிதத்தைத் திரும்ப வாங்காதீர்கள். படிவத்தில் கணக்குக்கு மட்டும்தான் இடம் இருக்கும். இணைந்த பதிவுகளின் பட்டியல் கடிதத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் எல்லோரும் மறப்பது காப்பீடு. பாஸ்புக்கில் மே கடைசி, ஜூன் மாதப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி, 20 ரூபாய் பிடித்திருந்தால் பிரதம மந்திரி சுரக்ஷா. முதலாவது எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், இரண்டாவது விபத்தில் இறந்தால் 2 லட்சம் குடும்பத்துக்குத் தரும். சேர்ந்தபோது வங்கியில் இருந்த பெயரே காப்பீட்டு நிறுவனத்துக்கும் போயிருக்கும். உயிரோடு இருக்கும்போது ஓர் எழுத்தைத் திருத்துவது ஒரு கடிதத்தோடு முடியும். இல்லாதபோது, இறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் காப்பீட்டுச் சான்றிதழில் ஒரு பெயருமாக அலைவது வாரிசுதான். அக்காவின் பாஸ்புக்கில் இரண்டு தொகையும் வருடாவருடம் பிடித்திருந்தது. அதனால்தான் கடிதத்தில் அந்த வரியைச் சேர்த்தோம்.

திருத்தம் ஆகிவிட்டது என்று சொன்னதும் புதிய பாஸ்புக்கை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வீட்டில் ஒருவரை யு.பி.ஐ. செயலியில் உங்கள் எண்ணுக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் வங்கிப் பதிவில் இருப்பது. அக்காவுக்குப் பாஸ்புக் சரியாக வந்த அன்று மாலையே பார்த்தோம், KALAISELVI M என்று வந்தது. ஆனால் வைப்பு நிதி ரசீதைப் புதிதாக அச்சடித்து வாங்கியபோது அதில் பழைய பெயரே இருந்தது. முத்திரை வாங்கிய பிரதியைக் காட்டினோம், அடுத்த நாள் அதையும் திருத்தினார்கள்.

கிளையில் காரியம் நடக்காவிட்டால், அதே கடிதத்தின் நகலை வைத்து வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் எழுதி, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் புகாரைப் பதியலாம், கட்டணம் கிடையாது. வங்கியிடம் முதலில் எழுத்து மூலம் புகார் செய்யாமல் நேரே அங்கே போனால் ஏற்கமாட்டார்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்குப் புதிய பாஸ்புக் நகலோடு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று வங்கி கொடுத்த கடிதத்தையும் சேர்த்து அனுப்பினோம். முதிர்வுத் தொகை அக்காவின் கணக்குக்கு வந்துவிட்டது.