பின் பொருந்தினால் போதுமா?

எல்லா லேப்டாப்புக்கும் ஆகும் என்று விற்கிற சார்ஜரில் பத்துப் பதினைந்து பின்களும், 15, 16, 18.5, 19, 20, 24 என்று எண் போட்ட ஒரு தள்ளு சுவிட்சும் இருக்கும். எந்தப் பின், எந்த எண் என்பவை தனித்தனி முடிவுகள். ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரியாகிவிடாது.

சார்ஜர் தன் வெளியீட்டு மின்னழுத்தத்தை இரண்டு ரெசிஸ்டர்களால் பகுத்து, அதில் ஒரு சிறு பங்கைக் கண்காணிக்கும். பல சார்ஜர்களில் அந்தப் பங்கு 2.5 வோல்ட்டில் நிற்கும்படி சுற்று வெளியீட்டைக் கூட்டிக் குறைக்கிறது. 7.6-ல் ஒரு பங்கு எடுத்தால் 19 வோல்ட், 9.6-ல் ஒரு பங்கு எடுத்தால் 24 வோல்ட். சுவிட்சைத் தள்ளும்போது மாறுவது இந்தப் பகுப்பு மட்டும்தான். மறுமுனையில் இருக்கும் லேப்டாப்புக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பது சார்ஜருக்குத் தெரியாது. (பின்னிலேயே ரெசிஸ்டர் வைத்து, பின்னை மாற்றினால் வோல்ட்டும் மாறும் வகையும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் உருப்படியான ஏற்பாடு.)

5.5 × 2.5 மி.மீ. பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஐபிஎம் திங்க்பேட் டி40-க்கு இந்தப் பின்னில் 16 வோல்ட். ஆசுஸ் மாடல்கள் பலவற்றுக்கு 19, லெனோவோ ஐடியாபேடு சிலவற்றுக்கு 20. மூன்றிலும் பின் கச்சிதமாக உட்காரும். 19-க்குப் பதில் 19.5 போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பையில் உரசி சுவிட்ச் 24-க்கு நகர்ந்திருந்தால் கதை வேறு. உள்ளே நுழைவாயிலில் இருக்கும் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் 25 வோல்ட் தாங்குபவை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பின்னைச் செருகும் கணத்தில், கேபிளின் இண்டக்டன்ஸும் அந்தக் கெபாசிட்டர்களும் சேர்ந்து மின்னழுத்தத்தை ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பாக எகிறவிடலாம். 24-ன் இரட்டிப்பை அந்த மதர்போர்டு எதிர்பார்த்திருக்காது. அதனால் முதலில் லேப்டாப்பில் செருகி, அப்புறம் சுவரில் சுவிட்ச் போடுவது நல்லது.

ஆம்பியர் விஷயம் இவ்வளவு ஆபத்தில்லை. லேப்டாப் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும், அடியில் 3.42 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் சார்ஜர் அதற்குக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை.

சில சார்ஜர்களில் பின்னின் இரண்டு கால்களைத் தலைகீழாகவும் மாட்ட முடியும். அப்படி மாட்டினால் பிளஸும் மைனஸும் இடம் மாறிவிடும். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பின்னின் துளைக்குள்ளும் கறுப்பை வெளிச்சுவரிலும் வையுங்கள். 19.2 போல வந்தால் சரி. எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் மாட்டியது தலைகீழ்.

டெல்லின் 7.4 மி.மீ. பின்னில் மட்டும் நடுவிலிருக்கும் ஊசியை அளக்காதீர்கள். அது சார்ஜரின் அடையாளத்தைச் சொல்லும் கம்பி. பிளஸ் இருப்பது உட்சுவரில். மீட்டர் முனை நழுவி இரண்டையும் சேர்த்துத் தொட்டால் அடையாளச் சிப் போய்விடலாம். அந்தச் சிப்பே இல்லாத மலிவுச் சார்ஜரைச் செருகினாலும் டெல் லேப்டாப் ஓடும், ஆனால் வேகம் குறைந்திருக்கும், பேட்டரி ஏறாது. பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.